வரிசை மாறாத எண்கள்

எனக்குக் கண் தெரியாது. அதைவிடப் பெரிய வியாதி ஒன்றும் இருக்கிறது: எதையும் நோண்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. ஒன்பது வயதில் அத்தாவின் ரேடியோவைக் கழற்றிப் பரப்பி வைத்து முதுகில் வாங்கிக்கொண்டேன். திரும்ப மாட்டியபோது இரண்டு திருகாணி மிச்சம் வந்தது, ஆனால் ரேடியோ பாடியது. அந்தத் திமிர் இந்த நாற்பத்தாறு வயதிலும் இறங்கவில்லை.

கூத்தாநல்லூர் பள்ளிவாசல் தெருவில் என் கடை. முன்பு மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் கிடைத்த எஸ்.டி.டி. பூத். வளைகுடாவிலிருக்கும் புருஷன்மாரோடு பேச இந்த ஊர்ப் பெண்கள் வரிசையில் நின்ற காலம் அது. இப்போது அவரவர் கையில் போன் வந்துவிட்டதால், நான் ரீசார்ஜ், சோப்பு, பிஸ்கட், ஊதுபத்தி என்று மாறிக்கொண்டேன். பழைய தொலைபேசி இணைப்பை மட்டும் வெட்டவில்லை. அதற்கு மாதாமாதம் பில் கட்டுவதைப் பார்த்து எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

ரூபாய் நோட்டுகளை மாற்றிய பிறகு எனக்கு விரலில் நிதானம் போய்விட்டது. எல்லாத் தாளும் ஏறக்குறைய ஒரே அளவாகத்தான் படுகிறது. அதனால் மொபைலில் பணம் வாங்குவது வந்தபோது அதிகம் சந்தோஷப்பட்டது நான்தான். கடை வாசலில் வங்கி கொடுத்த க்யூஆர் அட்டை, உள்ளே பணம் வந்தால் சத்தமாகச் சொல்லும் ஒரு பெட்டி. "அக்கா, போட்டுட்டேன், பாருங்க" என்று யாராவது போனை என் முகத்துக்கு நேரே நீட்டினால், "எனக்குக் காட்டி என்ன பண்றது, பெட்டி பேசட்டும்" என்பேன். பெட்டி பேசினால்தான் பிஸ்கட் கைமாறும்.

என் போனில் டாக்பேக் இருக்கிறது. திரையில் விரல் படும் இடத்தில் என்ன இருக்கிறதோ அதைப் பேசும், இருமுறை தட்டினால் திறக்கும். ரகசிய எண் போடும்போது காதில் இயர்போன் மாட்டிக்கொள்வேன், திரையையும் கறுப்பாக்கிவிடுவேன். பக்கத்தில் நிற்பவர் பார்க்கவும் முடியாது, கேட்கவும் முடியாது. கடைக் கணக்கு வங்கியின் சொந்த ஆப்பில்தான் ஓடும், வேறு ஆப்பில் அதை இணைக்க முடியவில்லை. சரக்குக்காரருக்குப் பணம் அனுப்புவது, கரண்ட் பில் கட்டுவது எல்லாம் நானே.

இது என் தம்பி ஷஹ்பாஸுக்குத்தான் பிடிக்காது. அவன் ஷார்ஜாவில் இருக்கிறான். என் மேல் பிரியம் உள்ளவன், அந்தப் பிரியத்தை அதட்டலாகத்தான் காட்டத் தெரியும். போன ரமலானுக்கு வந்திருந்தபோது ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டு போனான். "ஒரே ஒரு தடவை ஏமாந்தாலும் போதும்க்கா. போனு, கணக்கு, ரகசிய நம்பரு எல்லாத்தையும் அஸார் மச்சான்கிட்ட குடுத்துடணும். அவர் பாத்துக்குவார்."

அஸார் அவன் மனைவியின் அண்ணன். கடைத்தெருவில் மொபைல் கடை வைத்திருக்கிறான், தங்கமான ஆள். ஆனாலும் என் நம்பரை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, பத்து ரூபாய் அனுப்பவும் அவனைக் கூப்பிட்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே எனக்குக் கசந்தது. ஏமாறமாட்டேன் என்ற திமிரில் சரி என்றேன்.

தை மாதம் பிறந்து பத்து நாள் இருக்கும், வங்கி ஆப்புக்குப் புது அப்டேட் வந்தது. பாதுகாப்புக்காகவாம், உள்ளே நுழையும் பக்கத்தில் ஆறு இலக்க எண்ணைப் போடும் பட்டன்கள் ஒவ்வொரு தடவையும் இடம் மாறின. மாறட்டும், டாக்பேக் படித்தால் போதுமே. ஆனால் செய்தவர்கள் அந்தப் பட்டன்களுக்குப் பெயர் வைக்க மறந்துவிட்டார்கள். விரலை நகர்த்தினால், "பட்டன். பட்டன். பட்டன்." பத்தும் பட்டன். எது ஏழு, எது மூன்று என்று அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும். மூன்று தடவை குருட்டாம்போக்கில் தட்டி, ஒரு நாள் முழுக்கக் கணக்கைப் பூட்டிக்கொண்டேன்.

வங்கிக்குப் போனேன். உதவி மேலாளர் மிக மரியாதையாகப் பேசினார். "வீட்ல யார்கிட்டயாவது சொல்லி அழுத்தச் சொல்லுங்கம்மா."

"நம்பரை யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு நீங்கதானே சார் வாரம் ஒரு மெசேஜ் அனுப்புறீங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு புகார் எண் ஒன்றைக் கொடுத்தார். மூன்று வாரம் போனது. புகார் எண் பத்திரமாக இருந்தது. அந்தப் புதன்கிழமை நானே வங்கிக்குப் போய், படிவத்தில் கையெழுத்துப் போட்டுச் சரக்குக்காரருக்குப் பணம் அனுப்பிவிட்டு வந்தேன். எரிச்சலாக வந்தது.

மறுநாள் வியாழக்கிழமை காலை. எங்களுக்கு ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் கண் தெரியாதவர்களும் பார்வை குறைந்தவர்களுமாக நூற்று நாற்பது பேர். யாரும் எழுதமாட்டோம், குரலாகத்தான் போடுவோம். அன்று ஒரு புதுக் குரல் வந்தது. "வணக்கம் தோழர்களே. நானும் உங்களை மாதிரிதான், பிறவியிலேயே பார்வை இல்ல. அந்த பேங்க் ஆப்புல நம்பர் படிக்காம நாம படுற பாடு எனக்குத் தெரியும். அதுக்கு நானே ஒரு சின்ன ஆப் செஞ்சிருக்கேன்." கூடவே ஒரு ஃபைல்.

நிதானமான, கொஞ்சம் சளி கட்டிய குரல். எனக்குப் பிடித்துப்போயிற்று. நாங்கள் ஆளைக் குரலை வைத்துத்தான் எடை போடுகிறோம். அதில் இத்தனை பெரிய ஓட்டை இருக்கும் என்று நான் யோசித்ததில்லை.

இறக்கினேன். பிளே ஸ்டோரில் இல்லாத ஆப், கெடுதல் செய்யலாம் என்று போன் எச்சரித்தது. பெரிய கம்பெனி எங்களுக்காக ஒன்றும் செய்யமாட்டான், சின்ன ஆள் செய்தால் இப்படித்தான் வரும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்து, ஆப்பின் விவரப் பக்கத்தில் மூலையில் இருக்கும் 'மேலும் விருப்பங்கள்' போய், கட்டுப்படுத்தப்பட்ட அமைப்புகளை அனுமதிக்கச் சொன்னது குரல். செய்தேன். மெசேஜ் படிக்க அனுமதி கேட்டது, ஓடிபி வந்தால் வாசித்துக் காட்டுமாம். கொடுத்தேன்.

கடைசியாக 'அணுகல்தன்மை' என்ற பக்கம். கண் பார்ப்பவர்கள் வாழ்நாளில் அந்தப் பக்கம் போயிருக்கமாட்டார்கள். அங்கே போய் ஒரு ஆப்பை இயக்கினால், "இது உங்கள் திரையைப் பார்க்கும், உங்களுக்குப் பதிலாகச் செயல்படும், முழுக் கட்டுப்பாடும் எடுத்துக்கொள்ளும், அனுமதிக்கலாமா" என்று போன் கேட்கும். கண் பார்ப்பவன் பயந்து பின்வாங்குவான். எனக்கு அது தினசரி வாசல். டாக்பேக் போட்டபோது இதே கேள்வி, காகிதத்தைப் படித்துக் காட்டும் ஆப்புக்கும் இதே கேள்வி. பத்துத் தடவை 'அனுமதி' என்று தட்டிய விரல் பதினோராவது தடவையும் தட்டியது.

வங்கி ஆப்பைத் திறந்தேன். "ஒன்று," என்றது. விரலை நகர்த்தினேன். "இரண்டு. மூன்று." அடுத்த வரிசை, "நான்கு. ஐந்து. ஆறு." எனக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று வாரமாகப் பூட்டிக்கிடந்த என் வீட்டுக்குள் நானே நுழைவது போலிருந்தது.

எண்ணைப் போடும் முன், அந்த நேரம் சோப்பு வாங்க வந்த அஸாரைக் கூப்பிட்டேன். "தம்பி, இது பேங்க் பக்கம்தானான்னு ஒரு தடவை பாருங்களேன்."

அவன் வாங்கிப் பார்த்தான். "அசல் பேங்க் பக்கம்தான்க்கா. பேரு, கலரு, படம் எல்லாம் சரியா இருக்கு."

அவன் போனதும் எண்ணைப் போட்டேன். "சர்வர் பிசி. சற்று நேரம் கழித்து முயலவும்," என்றது. வங்கி சர்வர் என்றைக்குத்தான் பிசியாக இல்லை? சாயந்திரம் குழுவில் என் குரலைப் போட்டேன். "அனீஸா பேசுறேன். நான் சோதிச்சுப் பாத்துட்டேன். நம்பர் அழகா, வரிசையா படிக்குது. தைரியமா போடுங்க."

நான் சொன்னால் எங்கள் குழுவில் மறுபேச்சு கிடையாது. எந்த ஆப் எங்களுக்கு ஒத்துவரும் என்று மூன்று மாவட்டத்துக்கும் சொல்கிறவள் நான்.

வெள்ளிக்கிழமை மதியம். ஆண்கள் எல்லாம் ஜும்ஆ தொழுகைக்குப் போய்விட்டதால் தெருவில் சத்தமே இல்லை. கையில் வேலை இல்லாவிட்டால் என் வியாதி கிளம்பிவிடும். அந்த ஆப் எப்படித்தான் வேலை செய்கிறது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

படிக்கிற ஆப் என்றால் இருப்பதைத்தானே படிக்க வேண்டும்? வங்கியின் பட்டன்கள் ஒவ்வொரு தடவையும் இடம் மாறுகின்றன. அப்படியென்றால் அது "ஏழு, இரண்டு, ஒன்பது" என்று கலைந்து கிடப்பதைக் கலைந்தபடியே அல்லவா சொல்ல வேண்டும்? இது ஒன்று, இரண்டு, மூன்று என்று நேராகச் சொல்கிறது. நேற்று மூன்று தடவை திறந்தேன். மூன்று தடவையும் நேராகத்தான் சொன்னது.

இன்னொரு தடவை திறந்தேன். "ஒன்று. இரண்டு. மூன்று."

அடுத்தவர் வீட்டுப் பாத்திரங்களை எண்ணிச் சொல்ல வந்தவன் எப்படி அவற்றை அடுக்கியும் வைப்பான்? ஒருவேளை இது வங்கியின் பக்கமே இல்லையோ? வங்கிப் பக்கத்தின் மேல் வேறொரு பக்கத்தை மூடி வைத்திருக்கிறார்களோ?

அதைக் கண்டுபிடிக்க வழி இருந்தது. வேண்டுமென்றே ஆறு சைபர் போட்டேன். என் வங்கி தப்பான எண்ணுக்கு, "எண் தவறு, இன்னும் இரண்டு வாய்ப்பு" என்று கறாராகச் சொல்லும். இது, "சர்வர் பிசி. சற்று நேரம் கழித்து முயலவும்" என்றது. ஆறு ஒன்பது போட்டேன். "சர்வர் பிசி." எதைப் போட்டாலும் வாங்கிக்கொள்கிற கதவு. என் உண்மையான எண்ணையும் நேற்று இப்படித்தான் வாங்கிக்கொண்டது.

 ஆப்பை நீக்க அமைப்புகளுக்குள் போனேன். அதன் விவரப் பக்கம் திறந்த அதே நொடியில், "முகப்புத் திரை" என்றது போன். நான் தட்டவில்லை. மறுபடி போனேன். மறுபடியும் "முகப்புத் திரை." யாரோ என் கையைப் பிடித்து வெளியே தள்ளுகிற மாதிரி இருந்தது. முழுக் கட்டுப்பாடு என்று போன் சொன்னதற்கு அர்த்தம் அப்போதுதான் புரிந்தது.

ஏரோபிளேன் மோடைப் போட்டேன். வைஃபையும் அணைந்துவிட்டதா என்று சரிபார்த்துக்கொண்டேன். ஊரே சிரித்த பழைய தொலைபேசியை எடுத்து வங்கியின் உதவி எண்ணை அழைத்து, என் மொபைல் சேவையையும் கணக்கிலிருந்து பணம் வெளியே போவதையும் நிறுத்தச் சொன்னேன். ஒன்றும் போகவில்லை என்றார் அந்தப் பெண். போவதற்கு உள்ளே என்ன இருந்தது? புதன்கிழமைதான் எல்லாவற்றையும் சரக்குக்காரருக்குப் போட்டிருந்தேன். திருடனுக்கே பரிதாபமாக இருந்திருக்கும்.

இதன் பிறகு நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன்.

என் கணக்கு தப்பிவிட்டது, யாருக்கும் தெரியாது. போனை அழித்துப் புதிதாக்கினால் ஷஹ்பாஸுக்குக் கடைசிவரை தெரியாது. ஆனால் குழுவில் சொன்னால்? குழுவில் ஹலீமா இருக்கிறாள், ஷஹ்பாஸ் மனைவிக்குச் சித்தி மகள். அவள் காதில் விழுந்தது மாலை அஸர் தொழுகைக்குள் ஷார்ஜாவுக்குப் போய்விடும். ஷார்ஜாவுக்குப் போனால் என் நம்பர் அஸார் கைக்குப் போய்விடும். யாராவது தாங்களே கண்டுபிடித்துவிடமாட்டார்களா, வேறு யாராவது சொல்லிவிடமாட்டார்களா என்று மனசு சந்து சந்தாக நுழைந்து வழி தேடியது. பள்ளிவாசலில் குத்பா பிரசங்கம் முடிந்து, தொழுகை முடிந்து, செருப்புச் சத்தம் தெருவில் வரும்வரை உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்துக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பிறகு ரெத்தினம் அண்ணன் நினைவுக்கு வந்தார். நன்னிலம் பக்கத்தில் ஒரு கிராமம். அவருடைய அப்பா காலம்வரை அடுத்தவர் வயலில் கூலி வேலை, இவர் காலத்தில் சொந்தமாக ஒன்றரை ஏக்கர். பார்வை கொஞ்சம் உண்டு, போனில் எழுத்தைக் கதவளவு பெரிதாக்கிப் படிப்பார். அப்படிப் பெரிதாக்கினால் இந்த வங்கி ஆப்பில் பாதிப் பட்டன் திரைக்கு வெளியே ஓடிவிடும் என்று மூன்று வாரமாகப் புலம்பிக்கொண்டிருந்தார். சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டுப் பணத்துக்குக் காத்திருந்தார். நேற்று என் குரலுக்குக் கீழே, "நீ சொன்னா சரிம்மா, நாளைக்குப் போட்டுப் பாக்கறேன்" என்று அவர் குரல்.

தொலைபேசியில் அவர் நம்பரைச் சுழற்றினேன்.

"அட, அனீஸாவா? இப்பதான்மா நெனச்சேன். நெல்லுக்காசு ஏறிடுச்சான்னு பாக்கலாம்னு நீ சொன்ன ஆப்பைப் போட்டேன். நம்பரு நல்லா வரிசையா சொல்லுது. என்னமோ பிசின்னு வருது."

"எப்ப அழுத்துனீங்க அண்ணே?"

"இப்பதான், கா மணி நேரம் இருக்கும்."

கால் மணி நேரம். நான் மனசுக்குள் சந்து தேடிக்கொண்டிருந்த நேரம்.

"அண்ணே, நல்லா கேளுங்க. அது திருட்டு ஆப். நான் தப்பாச் சொல்லிட்டேன். இப்பவே போனை முழுசா அணைங்க. கண்ணாத்தா மதினியோட போன்ல இருந்து போலீஸ் நம்பர் ஒன்னு ஒன்பது மூனு சைபருக்குப் போடுங்க. நான் பேங்குக்குப் போடறேன், கணக்கு நம்பர் சொல்லுங்க."

அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கணக்கு எண்ணைச் சொன்னார். பிறகு இணைப்பு அறுந்தது.

வங்கியில் கணக்குக்காரரேதான் பேச வேண்டும் என்றார்கள். மதினியின் நம்பரைக் கொடுத்து உடனே அழைக்கச் சொன்னேன். பழைய கீபேட் போன், வயலில் எருக்குழிப் பக்கம் நின்றுகொண்டிருந்த அவர் மனைவி கண்ணாத்தாளிடம் இருந்தது. அவர் ஓடி வந்து கொடுத்து, ரெத்தினம் அண்ணன் வங்கியிலும் சைபர் குற்ற உதவி எண்ணிலும் பேசினார். போனை அணைக்கும் முன்பே இரண்டு தடவையாக நாற்பதாயிரம் போயிருந்தது. மூன்றாவது தடவை முயன்றிருக்கிறார்கள். போன் அணைந்திருந்ததால் ஓடிபி அவர்கள் கைக்குப் போகவில்லை. அதனால் மீதி நெல்லுக்காசு நின்றது. உடனே சொன்னதால், போனதில் முக்கால்வாசியை அது போய்ச் சேர்ந்த கணக்கிலேயே முடக்கிவிட்டார்கள், திரும்பி வர நாளாகும் என்றார்கள். கால்வாசியை யாரோ எங்கேயோ ஏடிஎம்மில் எடுத்துவிட்டான்.

அவர் அங்கே பேசிக்கொண்டிருந்தபோதே நான் இங்கே குழுவுக்குச் சொன்னேன். என் போனைத் திறக்க முடியாது, அதனால் தொழுகை முடிந்து வந்த அஸாரைக் கூப்பிட்டு அவன் போனிலிருந்து குழுவின் தலைவருக்கு என் குரலை அனுப்பிக் குழுவில் போடச் சொன்னேன். அஸார் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"அனீஸா பேசுறேன். நேத்து நான் நல்லதுன்னு சொன்ன ஆப் திருட்டு ஆப். நான் ஏமாந்துட்டேன், உங்களையும் ஏமாத்திட்டேன். போட்டவங்க உடனே நெட்டை நிறுத்துங்க, வேற போன்ல இருந்து பேங்குக்குச் சொல்லி நிறுத்துங்க, பணம் போயிருந்தா ஒன்னு ஒன்பது மூனு சைபர். இனிமே குரல் நல்லா இருக்கேன்னு எதையும் இறக்காதீங்க. என் குரலா இருந்தாலும் சரி. இது எனக்கு மதியமே தெரியும். அரை மணி நேரம் சொல்லாம இருந்தேன். அதுக்குள்ள ரெத்தினம் அண்ணன் நம்பரைப் போட்டுட்டாரு."

கடைசி இரண்டு வாக்கியத்தைச் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். என்னைத் தவிர பதினோரு பேர் அந்த ஆப்பைப் போட்டிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. பத்துப் பேர் எண்ணைப் போடும் முன் தப்பித்தார்கள்.

ஹலீமா என் கணக்கைப் பொய்யாக்கவில்லை. அஸர் பாங்கு சொல்வதற்கு முன்பே ஷஹ்பாஸ் அஸாரின் போனுக்கு வந்துவிட்டான். அஸார் ஸ்பீக்கரில் போட்டான்.

"நான் சொன்னேன்லக்கா," என்றான். அதட்டவில்லை, அழுகிற மாதிரி இருந்தது, அது அதட்டலைவிட மோசம். "உனக்கு எதுக்கு இந்த வம்பு? பேசுன பேச்சு என்ன?"

"பேசுனது பேசுனதுதான்," என்றேன். "புது நம்பர் வாங்குனதும் அஸார்கிட்ட குடுத்துடறேன். கணக்கையும் அவரே பாத்துக்கட்டும்."  மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

 சோப்பு அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தவன் எழுந்திருக்கும் சத்தம் கேட்டது.

"எனக்கு வேணாம் மாப்ள," என்றான். "அக்கா நம்பர் போடறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்தை எனக்குத்தான் காட்டுனாங்க. நான் ரெண்டு கண்ணாலயும் பாத்துட்டு அசல் பேங்க்னு சொன்னேன். மொபைல் கடை வச்சிருக்கற எனக்கு அது தெரியல. அக்காதான் கண்டுபிடிச்சாங்க. அக்கா நம்பர் என்கிட்ட இருந்தா ரெண்டு பேருமா சேந்து ஏமாறுவோம்."

 ஷார்ஜா பக்கம் ஏதோ வண்டி ஹாரன் அடித்தது.

"அப்ப இனிமே எதையும் நோண்டமாட்டேன்னு சொல்லுக்கா," என்றான் கடைசியில்.

"அது மட்டும் முடியாது தம்பி. வேணும்னா ஒன்னு சொல்றேன். எதுவா இருந்தாலும் முதல்ல தப்பு நம்பர் போட்டுத்தான் பாப்பேன்."

அவன் பெருமூச்சு விட்டான். "என்னமோ செய். நம்பர் உன்கிட்டயே இருக்கட்டும்," என்று வைத்துவிட்டான்.

மறு வாரம் அந்த வங்கிக் கணக்கை முடித்தேன். மன்னார்குடி சாலையில் வேறொரு வங்கிக்கு அஸாரின் காரில் போனேன். நன்னிலத்திலிருந்து ரெத்தினம் அண்ணன் பஸ்ஸில் வந்திருந்தார். அன்றைக்குப் பிறகு என்னோடு அவர் பேசவில்லை. வரச் சொல்லி மதினி மூலமாகத்தான் தகவல் அனுப்பியிருந்தேன். பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார், சட்டையில் வைக்கோல் வாசனை. வணக்கம்கூடச் சொல்லவில்லை. 

அதிகாரி ஒரு பெண், மலர்க்கொடி என்று பெயர் சொன்னார். விண்ணப்பத்தை நீட்டினார்.

"விண்ணப்பம் அப்புறம் மேடம்," என்றேன். "உங்க ஆப்புல நம்பர் போடற பக்கத்தை முதல்ல காட்டுங்க. டாக்பேக்கைப் போட்டுக் காட்டுங்க. எழுத்தைப் பெருசாக்குனா பட்டன் ஓடிடுதான்னும் பாக்கணும்."

அவர் இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை என்றார். ஆனால் சிடுசிடுக்கவில்லை, ஆர்வமாகத் தன் போனிலேயே போட்டார். பட்டன்கள் இங்கேயும் இடம் மாறின. எட்டு, சைபர், மூன்று என்று கலைந்து கிடந்ததைக் கலைந்தபடியே இயர்போன் சொன்னது. எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கம் கீழே நகர்ந்து இடம் கொடுத்தது. பிறகுதான் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டேன்.

என் போனில் ஆப்பை பிளே ஸ்டோரிலிருந்து இறக்கி, புது எண் வைக்க வேண்டிய இடம் வந்தது. "நீங்க சொல்லுங்க மேடம், நான் அழுத்தறேன்," என்றார் மலர்க்கொடி, நல்ல மனசோடுதான். வேண்டாம் என்றேன். அஸார் தானாகவே எழுந்து வெளியே காரிடம் போனான்.

இயர்போனை மாட்டினேன், திரையைக் கறுப்பாக்கினேன், எண்ணை வைத்தேன். வெளியே வந்து மறுபடி உள்ளே நுழைந்து, முதலில் ஆறு சைபர். "எண் தவறு," என்று காதில் வந்தது. திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. அப்புறம் சரியான எண்ணை ஒவ்வொன்றாகத் தேடித் தட்டினேன். ஆறு எண்ணும் காதுக்குள் மெல்ல வந்தன, கதவு திறந்தது.

"என்னம்மா சொல்லுது?" என்றார் ரெத்தினம் அண்ணன், ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

 என் வாய் பழைய வாய்தானே. "அத உங்ககிட்ட சொல்லமாட்டேன்ணே," என்றேன்.

 அவர் தொண்டைக்குள்ளேயே சிரித்தார். "சொல்லக் கூடாது. அதான் சரி," என்று என் தோளைத் தொட்டு நகரச் சொன்னார். "எந்திரி தங்கச்சி, இப்ப என் முறை. அந்தக் காது மாட்டிய இப்படிக் குடு."